ஒரே இணைப்பு, பல அறைகள்: கருவிக்கு வரம்பு போட்டுத் தோற்ற அனுபவம்

கேள்வி: எங்கள் விடுதியில் 14 அறைகளுக்கும் சேர்த்து 150 எம்பி இணைப்பு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மொபைலுக்கும் 5 எம்பி என்று வரம்பு போட்டும் சண்டை ஓயவில்லை. நியாயமாகப் பிரிப்பது எப்படி?

நீங்கள் விடுதியின் பொறுப்பாளராகவோ வீட்டு உரிமையாளராகவோ இருப்பீர்கள் என்றும், இரவு ஒன்பதரை மணிக்கு உங்கள் கதவைத் தட்டுகிறார்கள் என்றும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை சாலைப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மாடி வீடு உண்டு. அதன் ஒன்பது அறைகளில் 23 பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். பர்கூர் சிப்காட்டில் இரவுப் பணி பார்ப்பவர்கள், கல்லூரி மாணவர்கள், வீட்டிலிருந்தே வேலை செய்யும் மென்பொருள்காரர் ஒருவர் என்று கலவையான கூட்டம். நான் வலைப்பின்னல் படித்தவன் அல்லன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றரை ஆண்டு அடிபட்டிருக்கிறேன்.

"அறைக்கு ஓர் இணைப்பு வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது, வீட்டுக்காரர் கஞ்சத்தனம் செய்கிறார்" என்று கீழே யாராவது எழுதுவார்கள் என்பது தெரியும். மூன்று மாதம் தங்கிவிட்டுப் போகிறவருக்காகச் சுவரைத் துளைத்துத் தனி இணைப்பு இழுப்பது எப்படி என்பதை அவர்களே சொல்லட்டும்.

நானும் முதலில் உங்களைப் போலத்தான் செய்தேன். கேபிள்காரர் கொடுத்த ரவுட்டரில் கருவிக்கு 4 மெகாபிட் என்று பதிவிறக்க வரம்பு போட்டேன். மாலையில் சோதித்தால் இணைப்பில் இறங்குவது 94 மெகாபிட், ஏறுவது 38. ஆள் 23 என்பதால் 23 நான்குகள் 92, கணக்குச் சரி என்று நினைத்தேன். ஆனால் வரம்பு ஆளுக்கு அல்ல, கருவிக்கு. எண்ணிப் பார்த்தபோது கைப்பேசி, மடிக்கணினி, டிவி எல்லாம் சேர்த்து 41 கருவிகள் இருந்தன. எல்லாமும் ஓடும் இரவு ஒன்பது மணிக்கு 41 நான்குகள் 164. அதாவது வரம்பு இருந்தும் இல்லாதது போல நெரிசல் வந்தது. மதியம் இரண்டு மணிக்கோ வீட்டில் விழித்திருக்கும் மூன்று கருவிகளுக்கு 12 மெகாபிட் போக, மீதி 82 சும்மா கிடந்தது. மென்பொருள்காரர் பெரிய கோப்பு ஒன்றை இறக்க முக்கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு, "லைன் காலியாத்தானே சார் இருக்கு, எனக்கு மட்டும் ஏன் நத்தை மாதிரி போகுது?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. ஒரே எண் இரவில் அதிகமாகவும் பகலில் குறைவாகவும் இருந்தது. எந்த எண்ணைப் போட்டாலும் அப்படித்தான் ஆகும்.

நியாயம் என்று பார்த்தாலும் இது கோணலானது. மூன்று கருவிகள் வைத்திருப்பவருக்கு மூன்று பங்கு, ஒரு கைப்பேசி மட்டும் வைத்திருக்கும் மாணவனுக்கு ஒரு பங்கு. வாடகை மட்டும் இருவருக்கும் ஒன்று. அதோடு ரவுட்டர் கருவியை அடையாளம் காண்பது அதன் மேக் முகவரியைக் கொண்டுதான். ஆண்டிராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் கைப்பேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி முகவரியைத்தான் காட்டுகின்றன. அமைப்புகளுக்குள் போய் அதை அணைத்தால் அதே கைப்பேசி வேறு பெயரில் வந்து நிற்கும். என் பட்டியலில் ஒருவர் இரண்டு முறை இருந்ததை நான் கண்டுபிடிக்கவே பல வாரம் ஆயிற்று.

இதையெல்லாம் விட மோசமானது நான் கவனிக்காமல் விட்ட ஏற்று வேகம். ஐந்தாம் அறை மாணவர் ஒருவர் அக்காள் திருமணம் முடிந்து ஊரிலிருந்து வந்த இரவு, வைஃபை கிடைத்ததும் அவர் கைப்பேசி நூற்றுக்கணக்கான படங்களையும் காணொளிகளையும் மேகத்துக்கு ஏற்றத் தொடங்கிவிட்டது. அவர் இறக்கியது வரம்புக்கு உட்பட்ட 4 மெகாபிட்தான். ஏற்றியது முழு 38. மென்பொருள்காரரின் கூட்டத்தில் குரல் உடைந்தது. அவர் தன் விண்டோஸ் மடிக்கணினியில் கறுப்புத் திரையைத் திறந்து, கூகுளின் சர்வரிலிருந்து பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் இந்தக் கட்டளையை அடித்துக் காட்டினார்:

```
ping -t 8.8.8.8
```

வழக்கமாக 14 மில்லிவினாடியில் வரும் பதில் 600, 700 என்று ஏறிக்கொண்டிருந்தது. ஐந்தாம் அறைக் கைப்பேசியின் வைஃபையை அணைத்ததும் ஐந்தாறு வரிகளில் மீண்டும் 14. ஏற்றுப் பாதை நிரம்பும்போது, கேபிள்காரரின் பெட்டிக்குள் தரவுப் பொட்டலங்கள் நீண்ட வரிசையில் நிற்கின்றன. எல்லாருடைய சின்னக் கோரிக்கையும் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இறக்கும் வேகம் மீதம் இருந்தும் வீடே நின்றுபோகிறது. உங்கள் வீட்டில் இதுதான் நடக்கிறதா என்று அறிய வேறு கருவி எதுவும் வேண்டாம். சண்டை நடக்கும் நேரத்தில் இந்த ஒரு வரியை ஓடவிட்டுப் பாருங்கள்.

பிறகு நான் செய்தது இரண்டு மாற்றங்கள். முதலாவது, பங்கைக் கருவிக்கு என்றில்லாமல் அறைக்கு என்று மாற்றியது. அறைக்கு ஒரு கேபிள் இழுத்து, ஆளுக்காள் வைத்திருந்த பழைய சின்ன ரவுட்டர்களை அறைக்கு ஒன்றாக வைத்தேன். கேபிள்கள் எல்லாம் கீழே ஒரு 16 துளை ஸ்விட்சுக்கு வந்து, அங்கிருந்து ஒரு மைக்ரோடிக் ரவுட்டருக்குப் போகின்றன. அறை ரவுட்டரின் WAN துளைக்கு நிலையான முகவரி கொடுத்துவிட்டேன்: மூன்றாம் அறைக்கு 192.168.88.13, நான்காம் அறைக்கு 192.168.88.14 என்று. அறைக்குள் எத்தனை கருவிகள் இருந்தாலும், எத்தனை போலிப் பெயர்களில் வந்தாலும், கீழே இருக்கும் ரவுட்டருக்கு அவை ஒரே முகவரிதான். அறைக்குள் யாருக்கு எவ்வளவு என்பது அறைக்காரர்கள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது. அதில் நான் தலையிடுவதில்லை.

இரண்டாவது, கடினமான வரம்புக்குப் பதிலாக ஓர் உறுதியும் ஓர் உச்சமும் வைத்தது. மொத்தத்தை மாலையில் அளந்த வேகத்தில் பத்து விழுக்காடு குறைத்து, இறக்க 85, ஏற்ற 34 என்று கட்டினேன். அப்போதுதான் வரிசை கேபிள்காரரின் பெட்டியில் நிற்காமல் நம் ரவுட்டரில் நிற்கும். நம்மிடம் நிற்கும் வரிசையைத்தான் நாம் ஒழுங்குபடுத்த முடியும். 85ஐ ஒன்பதால் வகுத்தால் ஒன்பதுக்குச் சற்று மேல், 34ஐ வகுத்தால் மூன்றுக்கு மேல். ஆகவே எந்த நேரத்திலும் ஓர் அறைக்கு 9 இறக்க, 3 ஏற்ற உறுதி. மற்றவர்கள் பயன்படுத்தாதபோது 60 வரை இறக்கலாம், 25 வரை ஏற்றலாம்.

```
/queue type add name=fq kind=fq-codel
/queue simple add name=total target=192.168.88.0/24 max-limit=34M/85M
/queue simple add name=room3 parent=total target=192.168.88.13/32 \
  limit-at=3M/9M max-limit=25M/60M queue=fq/fq
```

கடைசிக் கட்டளையை ஒவ்வோர் அறைக்கும் பெயரும் முகவரியும் மாற்றித் திரும்ப அடிக்க வேண்டும். எண்களில் ஏற்றுவது முதலில், இறக்குவது பிறகு. நான் ஒரு நாள் முழுவதும் தலைகீழாக வைத்திருந்தேன். `fq-codel` என்பது ஒரே அறைக்குள் பெரிய பதிவிறக்கத்தின் பின்னால் ஓர் அழைப்பு சிக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. அதற்கு ரவுட்டரின் மென்பொருள் 7ஆம் பதிப்பாக இருக்க வேண்டும். `cake` என்ற வேறொரு வரிசை முறை இதைவிடச் சிறந்தது என்று சொல்ல வருபவர்களுக்கு: இருக்கலாம், என் வீட்டுக்கு இது போதும்.

இவ்வளவும் செய்த முதல் இரவு எதுவும் மாறவில்லை. ஏழாம் அறையில் ஒருவர் பெரிய கோப்பு ஒன்றை முழு வேகத்தில் இறக்கிக்கொண்டிருக்க, மைக்ரோடிக்கை அமைக்கும் வின்பாக்ஸ் செயலியின் திரையில் அந்த அறையின் குறியீடு பச்சையாகவே இருந்தது. உச்சத்தில் பாதியைத் தாண்டினால் மஞ்சளும் முக்காலைத் தாண்டினால் சிவப்பும் ஆக வேண்டிய குறியீடு அது. எண்ணும் கிட்டத்தட்டச் சுழியம். காரணம், மைக்ரோடிக்கில் தொடக்கத்திலேயே இருக்கும் ஃபாஸ்ட்டிராக் என்ற விதி. வேகத்துக்காக அது பொட்டலங்களை வரிசைகளைத் தொடாமலே குறுக்கு வழியில் அனுப்பிவிடும். அதை நிறுத்த வேண்டும்:

```
/ip firewall filter disable [find action=fasttrack-connection]
```

நிறுத்திய பிறகும் ஏற்கெனவே திறந்திருந்த இணைப்புகள் பழைய வழியிலேயே போகும் என்பதால், ரவுட்டரை ஒரு முறை அணைத்துப் போட்டேன். ஏழாம் அறை சிவப்பானது. ஃபாஸ்ட்டிராக் இல்லாமல் ரவுட்டரின் செயலிக்கு வேலை கூடும். 100, 150 அளவில் சின்ன மைக்ரோடிக் தாங்கும், 500க்குப் போனால் பெரிய பெட்டி தேவைப்படும்.

இன்னும் ஓர் ஓட்டை இருந்தது. ஒருவர் அறை ரவுட்டரைத் தவிர்த்துக் கேபிளை நேராக மடிக்கணினியில் செருகினால், கீழே இருக்கும் ரவுட்டர் அதற்கும் ஒரு முகவரி கொடுத்து, அறை வரம்புக்கு வெளியே விட்டுவிடும். எனவே அதன் தானியங்கி முகவரி வழங்கலை நிறுத்திவிட்டேன். அறை ரவுட்டர்களின் கடவுச்சொல் என்னிடம்தான் இருக்கிறது. பின்னால் இருக்கும் பொத்தானை அழுத்தி அழித்தால் நிலையான முகவரியும் சேர்ந்து அழிந்து அந்த அறைக்கு மட்டும் இணையம் போய்விடும். அழுத்தியவரே வந்து ஒப்புக்கொள்வார், இருவர் வந்திருக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டால் சரிசெய்ய முடியாததும் உண்டு. ஒன்பது வைஃபை பெட்டிகள் ஒரே வீட்டில் கத்துவதால் 2.4 கிகாஹெர்ட்சில் இரைச்சல் அதிகம். பக்கத்துப் பக்கத்து அறைகளுக்கு 1, 6, 11 என்று சேனல் மாற்றி வைத்து, ஒலிபரப்பும் சக்தியைக் குறைத்தேன். ஆயினும் இரண்டாம் அறையில் பழைய ரவுட்டர் 20 மெகாபிட்டுக்கு மேல் தருவதில்லை. அவர்கள் என்னிடம் முறையிடும்போது, கேபிளை மடிக்கணினியின் துளையில் செருகி, அந்த ரவுட்டரின் WAN முகவரியையே அதற்குக் கைமுறையாகக் கொடுத்து வேகத்தைக் காட்டுகிறேன். கேபிளில் வேகம் சரியாக இருந்தால் குறை வைஃபையில்தான்.

உங்கள் 14 அறைகளுக்கு, மாலையில் 140 இறங்குகிறது என்று வைத்தால் மொத்தம் 126, அறைக்கு உறுதி 9, உச்சம் 80 என்று தொடங்கலாம். ஏற்று வேகத்தை நீங்கள் கேள்வியில் சொல்லவே இல்லை. இன்றிரவு ஒன்பதரைக்கு அதை அளந்து, பிங் எவ்வளவு ஏறுகிறது என்பதையும் சேர்த்து இங்கே எழுதுங்கள்.