பால் பாயசத்துக்கு அரிசியை எப்படி வேக வைப்பது?

கேள்வி: பாயச அரிசியைக் கழுவணுமா? எவ்வளவு நேரம் கொதிக்கணும்? சர்க்கரை எப்போ போடுறது? போன தடவை அரிசி விறைப்பாவே நின்னுடுச்சு.

சர்க்கரையைச் சீக்கிரம் போட்டிருப்பீர்கள். சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் பிடித்துக்கொள்ளும். அரிசிக்குள் இருக்கும் மாவுச்சத்து ஊறி உப்ப முடியாது. பொங்கலன்று நானும் பாதி வெந்ததில் சர்க்கரையைக் கொட்டிவிட்டு, அப்புறம் அரை மணி நேரம் கிளறியும் நடுவில் நறுக்கென்றே இருந்தது.

ஒரு லிட்டர் பாலுக்குக் கால் கப் பச்சரிசி போதும். ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை அலசுங்கள், தூசி போனால் சரி. தண்ணீர் தெளியும்வரை தேய்த்துக் கழுவ வேண்டாம், பாயசத்தைக் கெட்டியாக்குவதில் அந்த மாவுக்கும் பங்குண்டு. சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கிய பொன்னி பச்சரிசி என்றால் இருபது நிமிடம் ஊறட்டும். வீட்டில் இருக்கும் தாய்லாந்து வாசனை அரிசியும் ஆகும், ஆனால் சீக்கிரம் குழையும், கண் வைத்திருங்கள்.

பால் பொங்கியதும் அரிசியைப் போட்டு, தீயைக் குறைத்து, அடி தொட்டுக் கிளறிக்கொண்டே 35–45 நிமிடம். கடிகாரத்தை முழுசாக நம்பாதீர்கள். ஒரு பருக்கையை விரலிடுக்கில் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லாமல் மசிய வேண்டும். அதன் பிறகே அரை கப் சர்க்கரை. உடனே கொஞ்சம் நீர்த்துப்போகும், பயப்படாமல் இன்னும் ஐந்தாறு நிமிடம் விடுங்கள். ஆறினால் இன்னும் இறுகும் என்பதால் சற்றுத் தளர்வாகவே இறக்குங்கள்.

வெல்லம் என்றால் பாகை ஆறவைத்து, அடுப்பை அணைத்த பிறகுதான். கொதிக்கும்போது ஊற்றினால் பால் திரியும்.