25 நாள் வேலை, கணக்கில் 12 நாள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். மாதச் சம்பளம் 12,000 ரூபாய். இரண்டு வருடமாக மாதாமாதம் இ.எஸ்.ஐ.க்கு 90 ரூபாய் பிடிக்கிறார்கள். போன ஆகஸ்டில் மஞ்சள் காமாலை வந்து 24 நாள் வேலைக்குப் போகவில்லை. முதல் நாலு நாள் பக்கத்து கிளினிக்கில் பார்த்தேன், அப்புறம்தான் இ.எஸ்.ஐ. மருந்தகம் போனேன். கம்பெனி சம்பளம் தரவில்லை. இ.எஸ்.ஐ. ஆபீசில் கேட்டால், '78 நாள் இல்லை, பணம் வராது' என்கிறார்கள். வீணாக ஒரு லீவு போட்டதில்லை. எனக்கு எப்படி 78 நாள் இல்லாமல் போகும்? ஆபீசில் கொடுத்த பட்டியலின் நகலை இணைத்திருக்கிறேன்.
— வாசகி, திருப்பூர்

பதில்: சகோதரி, அந்த நகலை அனுப்பியது நல்லதாகப் போயிற்று. ஆபீசில் உங்களிடம் பொய் சொல்லவில்லை. அவர்கள் கையில் இருக்கும் கணக்குதான் பொய்.

78 நாள் என்பது நோய் வந்த மாதத்துக்கு முந்தைய மாதங்களில் எண்ணுவது இல்லை. இ.எஸ்.ஐ.யில் ஆண்டு இரண்டு பங்களிப்புக் காலமாகப் பிரிகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. முதல் ஆறு மாதத்தில் கட்டியதற்கான பலன் அடுத்த ஜனவரியிலிருந்து ஜூன் வரை. இரண்டாவது ஆறு மாதத்துக்கான பலன் ஜூலையிலிருந்து டிசம்பர் வரை. உங்களுக்கு நோய் வந்தது ஆகஸ்டில். ஆகவே பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய அக்டோபர் முதல் மார்ச் வரையான கணக்கை. அந்த ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சம்பளம் காட்டிப் பங்களிப்பு கட்டியிருந்தால் நோய்க்காலப் பணம் உண்டு.

இப்போது உங்கள் பட்டியலில் அந்த ஆறு வரிகளைப் பாருங்கள். 'நாட்கள்' என்ற கட்டத்தில் அக்டோபர் 12, நவம்பர் 12, டிசம்பர் 12, மார்ச் வரைக்கும் அதே 12. மொத்தம் 72. பக்கத்துக் கட்டத்தில் சம்பளம் 5,760. 12,000 ரூபாயை 25 நாளால் வகுத்தால் நாள் கூலி 480. அதைக் கம்பெனி மாற்றவில்லை, நாட்களின் எண்ணிக்கையை மட்டும் குறைத்துவிட்டார்கள். பொங்கல் விடுமுறை வரும் ஜனவரியிலும் 12, விடுமுறை அதிகமில்லாத பிப்ரவரியிலும் 12 என்றால் அது வருகைப் பதிவைப் பார்த்து எழுதியது இல்லை.

பணக் கணக்கும் அதையே சொல்கிறது. தொழிலாளி பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 2019 ஜூலையிலிருந்து இந்த விகிதம்தான். 12,000 ரூபாய்க்கு நீங்கள் 90, கம்பெனி 390, ஆக 480 ரூபாய் போய்ச் சேர வேண்டும். உங்கள் ஒரு நாள் கூலி அது. ஆனால் 5,760 ரூபாய்க்கு உங்கள் பங்கு 44 ரூபாய்தான் வரும், பட்டியலிலும் 44 என்றுதான் இருக்கிறது. உங்களிடம் பிடித்தது 90. மீதி 46 ரூபாய் இ.எஸ்.ஐ.க்குப் போகவே இல்லை. கம்பெனியும் தன் பங்கில் ஆளுக்கு மாதம் 200 ரூபாய்க்கு மேல் கட்டாமல் விட்டிருக்கிறது. இந்த 200 ரூபாய்க்காகத்தான் நோயில் படுத்த உங்களைக் கைவிட்டிருக்கிறார்கள். எழுதும்போதே மனசு கொதிக்கிறது.

சரி, கணக்கு நேராக இருந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும்? சராசரி நாள் கூலியில் 70 சதவீதம், அதாவது நாளுக்கு 336 ரூபாய். மருந்தகத்து டாக்டர் சான்று கொடுத்த நாட்களுக்குத்தான் பணம். நீங்கள் ஐந்தாம் நாள் போனதால் சான்றில் 20 நாள்தான் இருக்கும். அதில் முதல் இரண்டு நாள் காத்திருப்பு நாள், பணம் கிடையாது. மீதி 18 நாளுக்கு, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து, 6,048 ரூபாய். கிளினிக்கில் பார்த்த நாலு நாளுக்கு அந்த டாக்டரின் சீட்டை மாற்று ஆதாரமாக வைத்து எழுதிக் கேட்கலாம். ஆனால் ஏற்பதும் மறுப்பதும் இ.எஸ்.ஐ. முடிவு. அதை நம்பி இருக்க வேண்டாம். இனிமேல் காய்ச்சல் என்றாலும் முதல் நாளே மருந்தகம் போய்ச் சான்று வாங்குங்கள், மருந்தை வேறு இடத்தில் வாங்கினாலும் சரி. வேலைக்குத் திரும்பும்போது உடல்தகுதிச் சான்றையும் மறக்காதீர்கள்.

பணம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பலரும் கேள்விப்படாத ஒரு வழி சட்டத்தில் இருக்கிறது. முதலாளி பங்களிப்பைக் கட்டாமலோ குறைத்துக் கட்டியோ அதனால் தொழிலாளிக்குப் பலன் கிடைக்காமல் போனால், சரியாகக் கட்டியிருந்தால் கிடைத்திருக்கும் தொகையை இ.எஸ்.ஐ. கழகமே தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு, முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளலாம். ஆகவே 'எனக்கு நோய்ப் பணம் கொடுங்கள்' என்று மட்டும் எழுதாதீர்கள், அது மறுபடியும் 72 நாள் என்று திரும்பி வரும். 'அக்டோபர் முதல் மார்ச் வரை நான் வேலை செய்த நாட்களைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள், விசாரித்துத் திருத்தி, அதன்படி பலன் தாருங்கள்' என்று எழுதுங்கள். கிளை அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். இன்னொரு நகலைக் கோவையில் உள்ள இ.எஸ்.ஐ. துணை மண்டல அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

கூடவே ஆதாரம் வேண்டும். அந்த ஆறு மாதத்துச் சம்பளச் சீட்டில் 90 ரூபாய் பிடித்தம் தெரிந்தால் அதுவே பெரிய சாட்சி. சம்பளம் பேங்கில் வருகிறது என்றால் பாஸ்புக் பக்கங்கள். வருகை அட்டை, கைரேகை வைக்கும் மிஷினின் பதிவு என்று எது கையில் இருந்தாலும் போட்டோ எடுத்து வையுங்கள். செக்கிங் டேபிளில் உங்களோடு நிற்கிறவர்களின் பட்டியலையும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லோருக்கும் 12 என்றே இருந்தால் நாலைந்து பேராகச் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். இன்ஸ்பெக்டர் ஒரு ஆளின் புகாருக்குக் கம்பெனிக்கு வருவதற்கும், பத்துப் பேர் புகாருக்கு வருவதற்கும் வித்தியாசம் உண்டு, இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சங்கம் இருந்தால் அவர்கள் மூலம் போவது இன்னும் நல்லது.

கம்பெனியில் கேட்டால், 'விடு, ஒரு ஐயாயிரம் கொடுத்துவிடுகிறோம்' என்று சொல்லக்கூடும். வாங்கிக்கொள்வது உங்கள் நிலைமையைப் பொறுத்தது, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆறு மாதக் கணக்கு திருந்தாது. அடுத்த காலத்திலும் 12 என்றே எழுதினால் அடுத்த நோய்க்கும் இதே பதில்தான், பிரசவத்துக்கும் இந்தக் கணக்கைத்தான் பார்ப்பார்கள். கம்பெனி ஒப்புக்கொள்கிறது என்றால், விடுபட்ட நாட்களுக்கான பங்களிப்பை வட்டியோடு இ.எஸ்.ஐ.யில் கட்டச் சொல்லுங்கள்.

வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் இருக்கும். நோய்க்காலப் பலன் பெறும் நாட்களில் வேலைநீக்கம் செய்யச் சட்டம் அனுமதிக்காது. ஆனால் புகார் கொடுத்த பிறகு வரும் நெருக்கடிக்கு அந்தப் பாதுகாப்பு அப்படியே பொருந்தாது. அதனால்தான் தனியாகப் போகாதீர்கள் என்கிறேன்.

வைத்தியம் வேறு விஷயம். மருந்தகத்தில் உங்களுக்கும் உங்களைச் சார்ந்த குடும்பத்தாருக்கும் பார்ப்பதற்கு 78 நாள் வேண்டியதில்லை. வேலையில் சேர்ந்து பதிவான நாளிலிருந்தே உண்டு. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்துச் செய்யும் உயர் சிகிச்சைக்குத்தான் தனி நிபந்தனைகள். மஞ்சள் காமாலைக்குப் பிறகு பார்க்க வேண்டிய ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் அங்கேயே கேளுங்கள்.

இனி மாதம் ஒருமுறை, சம்பளம் வந்த வாரத்தை விட்டுவிட்டு, பதினைந்தாம் தேதிக்குப் பிறகு பாருங்கள். முந்தைய மாதப் பங்களிப்பைக் கட்ட அதுதான் கடைசித் தேதி. இ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் காப்பீட்டு எண்ணை வைத்து உள்ளே போகலாம், உமங் செயலியிலும் பார்க்கலாம். ரூபாயைப் பார்ப்பதற்கு முன்னால் நாட்கள் என்ற கட்டத்தைப் பாருங்கள். 25 நாள் வேலை செய்த மாதத்தில் 12 என்று இருந்தால், நோய் வரும்வரை காத்திருக்காமல் அந்த வாரமே எழுதிக் கொடுங்கள்.