ஒரே வீடியோ, நண்பனுக்கு ஐந்து பேர், எனக்கு ஒருவர்: வாட்ஸ்அப் ஃபார்வர்ட் கட்டுப்பாடு

கேள்வி: எங்கள் வார்டு வாட்ஸ்அப் குழுவுக்கு நான் அட்மின். தேர்தல் நேரத்தில் வந்த ஒரு வீடியோவை ஒரு சாட்டுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியவில்லை. அதே வீடியோவை என் நண்பன் ஐந்து பேருக்கு அனுப்புகிறான். என் கணக்கை மட்டும் முடக்கி வைத்திருக்கிறார்களா? தேர்தல் முடிந்ததும் சரியாகிவிடுமா?

பதில்:

உங்கள் கணக்கை யாரும் தொடவில்லை. கட்டுப்பாடு அந்த வீடியோவின் மேல்தான் இருக்கிறது. தேர்தல் முடிந்தாலும் அது போகாது.

வீடியோவின் மேலே பாருங்கள், இரட்டை அம்புக்குறியோடு "Forwarded many times" என்று இருக்கும். உங்கள் நண்பன் போனில் பெரும்பாலும் ஒற்றை அம்புக்குறியும் "Forwarded" என்பதும்தான் இருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒரு செய்தியை ஃபார்வர்ட் செய்யும்போது, எத்தனை கை மாறி வந்தது என்கிற எண்ணும் அதோடு சேர்ந்தே பயணிக்கிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது அதில் வராது. உதாரணத்துக்கு, ஒரு வாக்குச்சாவடியில் மெஷின் பழுதாகி வரிசை நிற்பதை ஒருவர் படம் எடுத்துத் தன் தெருக் குழுவில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே எந்த அடையாளமும் இருக்காது. அதை ஒரு பெண் தன் குடும்பக் குழுவுக்கு ஃபார்வர்ட் செய்கிறார். இப்போது கணக்கு ஒன்று, ஒற்றை அம்பு. அங்கிருந்து தம்பி, தம்பியின் அலுவலகக் குழு, அங்கே ஒருவரின் கல்லூரி நண்பர்கள் என்று போய் ஐந்து கை தாண்டியதும் இரட்டை அம்பு விழுந்துவிடும். அதற்குப் பிறகு யார் கைக்கு வந்தாலும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்பலாம்.

உங்கள் நண்பனுக்கு அதே வீடியோ இரண்டு கை மாறி வந்திருக்கலாம், உங்களுக்கு ஏழு கை மாறி வந்திருக்கலாம். ஒரே போனில்கூட இந்த வித்தியாசத்தைப் பார்க்கலாம்: ஒரு குழுவில் ஒற்றை அம்போடு கிடக்கும் வீடியோ, அடுத்த குழுவில் இரட்டை அம்போடு வந்து விழும். இந்த எண்ணிக்கை செய்தியோடு சேர்ந்து என்க்ரிப்ட் ஆகித்தான் போகிறது. எண்ணிப் பார்த்துத் தடுப்பது உங்கள் போனில் இருக்கும் செயலிதான். வீடியோவில் எந்தக் கட்சி இருக்கிறது என்று யாரும் உட்கார்ந்து பார்த்து முடிவெடுப்பதில்லை.

ஒற்றை அம்பு உள்ளதற்கும் எல்லை உண்டு. ஒரு நேரத்தில் ஐந்து சாட், அதில் ஒன்று மட்டுமே குழுவாக இருக்கலாம். குழு பற்றிய இந்த விதி 2022இல் வந்தது. அதனால்தான் பல குழுக்களை நடத்துபவர்களுக்கு முன்பைவிட இப்போது அதிகமாகக் கை கட்டப்பட்டது போல இருக்கிறது.

இந்த விதி ஏன் வந்தது என்பதை நம் ஊர்க்காரர்கள் மறக்கக்கூடாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் குலதெய்வக் கோவிலுக்கு வழி தேடி வந்த ஒரு மூதாட்டியை, குழந்தை கடத்த வந்தவர் என்று அடித்தே கொன்றார்கள். அதே வாரத்தில் பழவேற்காட்டிலும் ஒருவர் கொல்லப்பட்டார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று போன் போனாகப் பரவிய வதந்திதான் காரணம். ஜூலை 1 அன்று மகாராஷ்டிராவின் துலே மாவட்டம் ரயின்பாடாவில் ஐந்து பேரைக் கொன்றார்கள். அந்த மாதமே ஃபார்வர்ட் அடையாளம் வந்தது, இந்தியாவுக்கு மட்டும் ஐந்து சாட் எல்லையும் வந்தது. படம், வீடியோ பக்கத்தில் இருந்த வேகமாக ஃபார்வர்ட் செய்யும் பட்டனையும் எடுத்தார்கள். 2019 ஜனவரியில் ஐந்து என்பது உலகம் முழுக்க ஆனது. இரட்டை அம்புக்கு ஒரே சாட் என்பது 2020 ஏப்ரலில், கொரோனா வதந்திகளின் நேரத்தில் வந்தது. அதற்குப் பிறகு, பல கை மாறிய செய்திகளின் ஃபார்வர்ட் சுமார் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. ஆக, இது தேர்தலுக்காகப் போட்டு எடுக்கிற பூட்டு இல்லை, வருஷம் பூராவும் இருப்பது.

ஒரு சமயத்துக்கு என்று போட்டவையும் உண்டு. 2020 அமெரிக்கத் தேர்தலுக்கு முன்பு ட்விட்டரில் ரீட்வீட் அழுத்தினால், உங்கள் கருத்தைச் சேர்த்து எழுதச் சொல்லும் பெட்டி திறந்தது. அக்டோபரில் வந்து டிசம்பரில் போய்விட்டது. இலங்கையில் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, மெசஞ்சரில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி ஃபேஸ்புக் செய்து பார்த்தது. அந்த நாட்களில் அரசாங்கம் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் மொத்தமாகத் தடுத்ததும் நடந்தது. அது வேறு விஷயம். அப்படித் தடுத்தால் எண்ணிக்கை எல்லை எதுவும் கண்ணில் படாது, எந்தச் செய்தியுமே போகாது.

சரி, ஐந்து என்ற எல்லை உண்மையிலேயே தடுக்கிறதா? வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவே. ஐந்து என்பது ஒரு தடவைக்குத்தான், ஒரு நாளைக்கு இல்லை. முடித்துவிட்டு இன்னொரு ஐந்தைத் தேர்ந்தெடுக்கலாம். 2018இல் ஒரு குழுவில் 256 பேர் இருக்கலாம். அப்போது ஐந்து குழுவுக்கு அனுப்பினாலே 1,280 பேர். இன்று 1,024 பேர் உள்ள ஒரே குழுவுக்கு அனுப்பினால் கிட்டத்தட்ட அதே அளவு ஆகிவிடுகிறது. எழுத்தை காப்பி எடுத்துப் புதிதாக ஒட்டினாலோ, வீடியோவை கேலரியிலிருந்து மறுபடி அனுப்பினாலோ எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்துவிடும், அம்பே இருக்காது. அதனால் அட்மினாக நீங்கள் கவனிக்க வேண்டியது இது: அம்பு இருந்தால் அது ஃபார்வர்ட் ஆகி வந்தது என்று உறுதியாகச் சொல்லலாம், இரட்டை அம்பு என்றால் பல கை மாறி வந்தது. அம்பு இல்லை என்பதால் அனுப்பியவரே நேரில் பார்த்து எடுத்தது என்று சொல்ல முடியாது. கேட்டுவிடுங்கள்: "அண்ணே, இது நீங்க எடுத்ததா?"

கணக்கின் மேலேயே கட்டுப்பாடு விழுந்தால் வேறு மாதிரி தெரியும். ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பவர்களுக்குப் பதில் போகும், புது நம்பருக்கு சாட் தொடங்க விடாது. இன்னும் மோசமானால் செயலியைத் திறந்ததும் கணக்கு தடைசெய்யப்பட்டதாகத் திரை வரும். தற்காலிகத் தடையென்றால் எவ்வளவு நேரம் மிச்சம் என்றும் ஓடிக்கொண்டிருக்கும். தேர்தல் வேலையில் இருப்பவர்கள் மாட்டுவது பெரும்பாலும் இங்கேதான். எங்கிருந்தோ வந்த நம்பர் பட்டியலை போனில் ஏற்றி, அறிமுகமே இல்லாதவர்களுக்கு வரிசையாக அனுப்புவார்கள், இல்லையென்றால் கேட்காமலே குழுவில் சேர்ப்பார்கள். அப்படிச் செய்தி வந்தவர்களில் சிலர் ரிப்போர்ட் செய்து பிளாக் செய்தாலே கணக்குக்குத் தடை வரலாம். ஜிபி வாட்ஸ்அப் மாதிரியான மாற்றுச் செயலிகளில் ஃபார்வர்ட் எல்லை இருக்காது என்று சொல்லித் தருவார்கள். அதைப் போட்டாலும் கணக்கு போகலாம். தடை வந்தால் அந்தத் திரையிலேயே மறுபரிசீலனை கேட்கும் பட்டன் இருக்கும், அதை அழுத்திக் காத்திருப்பதுதான் வழி.

பிராட்காஸ்ட் லிஸ்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் நம்பரை சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். பாதிப் பேருக்கு வரவில்லை என்றால் அது தேர்தல் கட்டுப்பாடு இல்லை, உங்கள் நம்பர் அவர்களிடம் இல்லை.

வாக்குச்சாவடி மாறியது போன்ற, எல்லோருக்கும் போக வேண்டிய தகவலாக இருந்தால், கை மாறி வந்த படத்தை அனுப்ப முயலாதீர்கள். voters.eci.gov.in தளத்தில் பாருங்கள், இல்லையென்றால் 1950க்கு போன் போட்டு உறுதி செய்யுங்கள். பிறகு உங்கள் குழுவில் நீங்களே தட்டச்சு செய்து, எங்கே பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.