முன்பின் தெரியாதவர் அனுப்பிய டவுன்லோட் லிங்க்கைத் திறக்கலாமா? கேள்வி பதில்

கவிதா: அண்ணா, நான் தனியா லோகோ டிசைன் பண்றேன். புது கிளையன்ட்னு ஒருத்தர் மெயில் போட்டு, பிராண்ட் விவரமெல்லாம் இதுல இருக்குன்னு ஒரு மெகா லிங்க் அனுப்பியிருக்கார். உள்ள zip பைல். பாஸ்வேர்டும் அதே மெயில்ல இருக்கு. திறக்கலாமா?

பதில்: லிங்க்கைத் திறப்பது வேறு, பைலைத் திறப்பது வேறு. பிரவுசர் அப்டேட் ஆகியிருந்தால் வெறும் பக்கத்தைப் பார்த்ததாலேயே கெட்டுப்போவது அபூர்வம். அந்தப் பக்கத்தில் நீங்கள் எதையாவது டைப் செய்தாலோ, இறக்கிய பைலை ஓடவிட்டாலோதான் வம்பு.

மெகா என்பது பைல் பகிரும் உண்மையான சேவைதான். ஆனால் அதன் லிங்க்கில் `#` குறிக்குப் பிறகு வருவது பூட்டைத் திறக்கும் சாவி. அந்தப் பகுதியை பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை. அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்று மெகாவாலேயே பார்க்க முடியாது. தளம் நல்ல தளம் என்பதால் பைல் நல்ல பைல் ஆகிவிடாது.

எனக்கு உறுத்துவது பாஸ்வேர்ட்தான். ரகசியம் காக்க நினைப்பவர் அதையே அதே மெயிலில் எழுதி அனுப்புவாரா? இப்படிப் போடும் பாஸ்வேர்டுக்குப் பெரும்பாலும் ஒரே வேலை: மெயில் ஸ்கேனரும் ஆன்டிவைரஸும் உள்ளே எட்டிப்பார்க்காமல் தடுப்பது.

ஒன்று செய்யுங்கள். zip-ஐ இறக்குங்கள், பிரிக்க வேண்டாம். zip பைல்களைக் கையாளும் 7-Zip மென்பொருளில் திறந்து பட்டியலை மட்டும் பாருங்கள். zip-இல் பாஸ்வேர்ட் போட்டாலும் பைல் பெயர்களும் அளவுகளும் மறையாது. (rar, 7z என்றால் பெயரையும் மறைக்க முடியும்.) Size, Packed Size இரண்டையும் எழுதுங்கள்.

முரளி: இவ்வளவு யோசிக்கணுமா? https இருக்கு, பூட்டுப் படம் இருக்கு, தெரிஞ்ச தளம். நான் அதைப் பார்த்துட்டுதான் திறப்பேன். இதுவரை ஒண்ணும் ஆகலையே.

பதில்: பாதி சரி. முகவரி உண்மையிலேயே அந்தத் தளத்துடையது என்றால், அது போலிப் பக்கமாக இருக்கும் ஆபத்து பெருமளவு குறைகிறது. ஆனால் பூட்டு சொல்வது, முகவரிப் பட்டையில் தெரியும் பெயரோடுதான் பேசுகிறீர்கள், நடுவில் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்பதை மட்டும். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யார், நல்லவரா என்று அது சொல்லாது. 2015 முதல் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அந்தப் பூட்டுக்கு வேண்டிய சான்றிதழை இலவசமாகவே தருகிறது, மோசடிக்காரருக்கும் சேர்த்து. அதனால் பூட்டை விட்டுவிட்டுப் பெயரைப் படியுங்கள்:

```
https://wetransfer.com.files-view.example/downloads/a81
https://drive.google.com@files-view.example/a81
```

`https://`-க்கு அடுத்து வரும் முதல் சாய்கோடு வரை போங்கள். அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். இரண்டிலும் தளம் `files-view.example`தான். முதலாவதில் வீடிரான்ஸ்ஃபரின் பெயர் வெறும் முன்னொட்டு. இரண்டாவதில் `@`-க்கு முன்னால் இருப்பது தளத்தின் பெயரே இல்லை, பயனர் பெயர் எழுதுகிற இடம். அசல் வீடிரான்ஸ்ஃபர் லிங்க் `wetransfer.com` என்றோ, சுருக்கமாக `we.tl` என்றோ வரும்.

நல்ல தளமே கெட்ட பைலைச் சுமக்கும் என்பதற்கு ஃபயர்ஃபாக்ஸ் செண்ட் போதும். மொசில்லா 2019-இல் தொடங்கிய சேவை அது. வைரஸ் பரப்புகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டதால் 2020 ஜூலையில் நிறுத்திவைத்தார்கள். பிறகு திறக்கவே இல்லை.

ரஹீம்: எனக்கு வந்த லிங்க்ல பைல் மங்கலா தெரிஞ்சது, பார்க்கணும்னா ஆபீஸ் மெயில் பாஸ்வேர்ட் போடச் சொல்லிச்சு. போட்டேன், தப்புன்னு வந்தது. மறுபடி போட்டதும் ஏதோ ஒரு சாதாரண PDF திறந்துச்சு. இது பரவாயில்லையா?

பதில்: இல்லை. பாஸ்வேர்ட் போய்விட்டது என்று வைத்துக்கொண்டே செயல்படுங்கள். முதல் முறை வேண்டுமென்றே தப்பு என்று காட்டுவது பழைய வித்தை. இரண்டு முறை ஒரே மாதிரி டைப் செய்தால் அது சரியான பாஸ்வேர்ட் என்று அவர்களுக்கு உறுதியாகிவிடும். கடைசியில் வரும் PDF உங்களுக்குச் சந்தேகம் வராமலிருக்க.

இப்போதே பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியை அழுத்துங்கள். பிறகு மெயில் அமைப்பில் ஃபார்வர்டிங், ஃபில்டர் பகுதிகளைப் பாருங்கள். நீங்கள் போடாத விதி ஏதாவது இருந்தால், பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் உங்கள் கடிதங்கள் அவர்களுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஐடி பிரிவுக்குச் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பைல் அனுப்பும் தளம் தன்னுடைய கணக்கைக் கேட்கலாம். உங்கள் மெயிலின் பாஸ்வேர்டை அது கேட்க எந்தக் காரணமும் இல்லை.

சுந்தரம்: தம்பி, பேரன் நடித்த நாடகத்தின் வீடியோ 3 ஜிபி இருக்கிறது. வெளியூரில் இருக்கும் மகளுக்கு அனுப்ப எது பாதுகாப்பான தளம்?

பதில்: ஐயா, இங்கே பேசுவது வருகிற லிங்க்கைப் பற்றி. இருந்தாலும் சொல்கிறேன். கூகுள் டிரைவ் போல ஏற்கனவே உங்களிடம் இருப்பதில் ஏற்றி, மகளின் மெயில் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். திறக்கும்போது இதை வைரஸ் ஸ்கேன் செய்ய முடியவில்லை என்று ஒரு எச்சரிக்கை வரலாம். 100 எம்பிக்கு மேற்பட்ட பைலை கூகுள் ஸ்கேன் செய்வதில்லை, அவ்வளவுதான். லிங்க் வரப்போகிறது என்று போனில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கவிதா: அண்ணா, பட்டியல் பார்த்தேன். மூணு jpg, `Brand_Guide.pdf`, அப்புறம் `Product_Video.mp4.scr`. அந்த வீடியோவுக்கு Size 720 எம்பின்னு இருக்கு, Packed Size வெறும் 4 எம்பி. zip மொத்தமே 9 எம்பிதான்.

பதில்: அந்த ஒரு வரியே போதும். பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வருவதுதான் கணக்கு. `.scr` என்பது ஸ்கிரீன்சேவர், அதாவது வேறு பெயரில் வரும் விண்டோஸ் புரோகிராம். பிரித்திருந்தால் விண்டோஸ் தன் வழக்கப்படி கடைசி `.scr`-ஐ மறைத்து `Product_Video.mp4` என்று மட்டும் காட்டியிருக்கும், ஐகானும் வீடியோ போலவே வைத்திருப்பார்கள். பட்டியலில் பார்த்ததால் முழுப் பெயரும் தெரிந்தது.

இப்போது அளவைப் பாருங்கள். வீடியோ ஏற்கனவே சுருக்கப்பட்ட பொருள், zip செய்தாலும் கிட்டத்தட்ட அதே அளவில்தான் இருக்கும். 720 எம்பி 4 எம்பியாகச் சுருங்குகிறது என்றால் உள்ளே பெரும்பகுதி வெறும் பூஜ்ஜியங்கள். ஒரு சின்னப் புரோகிராமுக்குப் பின்னால் தவிட்டை அடைத்துப் பெருக்க வைத்திருக்கிறார்கள். பல ஸ்கேனர்கள் பெரிய பைலை விட்டுவிடும். பைலைப் பல ஆன்டிவைரஸ்களால் சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் தளத்தில்கூட 650 எம்பிக்கு மேல் ஏற்ற முடியாது.

இந்த வகைப் புரோகிராம் பெரும்பாலும் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், நீங்கள் லாகின் ஆகியிருப்பதை நினைவில் வைக்கும் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போகும். குக்கீ கிடைத்துவிட்டால் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைக்கூடத் தாண்டிவிடலாம். யூடியூபர்களுக்கு விளம்பர வாய்ப்பு என்று சொல்லி இதே முறையில் சேனல்களைப் பறித்ததை கூகுள் 2021 அக்டோபரில் விரிவாக வெளியிட்டது. டிசைனருக்கு பிராண்ட் விவரம், யூடியூபருக்கு ஸ்பான்சர்ஷிப். ஆளுக்கேற்ற தூண்டில், அவ்வளவே.

நவீன்: ரெண்டு விஷயம் சேர்க்கலாம். பைலை ஏத்தாமலே அதோட ஹாஷை, அதாவது பைலோட கைரேகை மாதிரியான எண்ணை, வைரஸ்டோட்டல்ல தேடலாம். இன்னொண்ணு, இணையத்துல இருந்து வந்த பைல்னு விண்டோஸ் வைக்கிற அடையாளத்தைப் பழைய 7-Zip பிரிச்ச பைலுக்குக் கடத்தாது. அதனால எச்சரிக்கையே வராம ஓடிடும். 22.00-ல வசதி வந்துச்சு, ஆனா அமைப்புல போய் இயக்கணும். நானா இருந்தா விர்ச்சுவல் மெஷின்ல, அதாவது கம்ப்யூட்டருக்குள்ள தனியா ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர்ல, திறந்து பார்த்துடுவேன்.

பதில்: முதல் இரண்டும் சரி. ஹாஷ் எடுக்க பவர்ஷெல்லில்:

```
Get-FileHash .\brief.zip
```

வரும் நீண்ட எண்ணை virustotal.com தேடல் பெட்டியில் ஒட்டலாம். வாடிக்கையாளரின் ரகசிய ஆவணமாக இருந்தால் இதுதான் முறை, ஏனென்றால் அங்கே ஏற்றும் பைலைப் பாதுகாப்பு நிறுவனங்களும் பார்க்க முடியும். ஆனால் தேடலில் எதுவும் கிடைக்கவில்லை என்றால், இதுவரை யாரும் அதை ஏற்றவில்லை என்றுதான் பொருள். நல்ல பைல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பாஸ்வேர்ட் போட்ட zip-ஐ ஏற்றிச் சுத்தம் என்று வந்தாலும் அப்படியே.

விர்ச்சுவல் மெஷினில் எனக்கு உடன்பாடு இல்லை. அங்கே ஓடுகிறோம் என்று தெரிந்ததும் சும்மா இருந்துவிடும் புரோகிராம்கள் உண்டு.

நவீன்: சும்மா இருந்தாலும் நெட்வொர்க் லாக்ல ஏதாவது சிக்கும். பார்க்கத் தெரிஞ்சவங்களுக்கு அது பிரயோஜனம்தான்.

பதில்: பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, சரி. கவிதாவுக்கு அது தேவையா என்பதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை.

தீபா: நான் போன ஒரு தளத்துல நாலு டவுன்லோட் பட்டன் இருந்துச்சு. ஒண்ணை அமுக்கினா, மனுஷன்தான்னு நிரூபிக்க Win+R, Ctrl+V, Enter அமுக்கச் சொல்லுது. செய்யலாமா?

பதில்: உடனே மூடுங்கள். நீங்கள் பட்டனை அமுக்கியபோதே அந்தப் பக்கம் ஒரு கட்டளையை உங்கள் கிளிப்போர்டில் வைத்துவிட்டது. அதை உங்கள் கையாலேயே ஓடவைக்கச் சொல்கிறது. நிஜ கேப்ட்சா எதுவும் பிரவுசரை விட்டு வெளியே போகச் சொல்லாது. ஏற்கனவே செய்துவிட்டால், நெட்டைத் துண்டித்து, வேறொரு சாதனத்திலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றத் தொடங்குங்கள்.

நாலு பட்டன் விஷயத்துக்கு வந்தால், அமுக்குவதற்கு முன் மவுஸை மேலே வைத்து, கீழே தெரியும் முகவரியைப் பாருங்கள். இறங்கும் பைலின் பெயரும் அளவும் பக்கத்தில் போட்டிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். 300 எம்பி படத்தொகுப்பு கேட்டால் 2 எம்பி `setup.exe` வருகிறது என்றால் நீங்கள் அமுக்கியது விளம்பரம்.

கவிதா: நிஜமாவே கிளையன்டா இருந்தா என்ன பண்றதுன்னு, படங்களை மெயில்லயே அனுப்புங்க, நான் மொபைல்ல பார்த்துக்கறேன்னு கேட்டேன். மொபைல்ல திறக்காது, விண்டோஸ் கம்ப்யூட்டர்லதான் திறக்கணும்னு பதில் வந்திருக்கு.

பதில்: jpg-யும் PDF-உம் mp4-உம் எந்த மொபைலிலும் திறக்கும். விண்டோஸ் இல்லாமல் திறக்காது என்றால் அது புரோகிராம்தான் என்று அவரே சொல்லிவிட்டார். பதில் எழுத வேண்டாம். zip-ஐ நீக்கிவிட்டு, லிங்க்கை மெகாவிடம் புகார் செய்யுங்கள். மெயிலை ஃபிஷிங் என்று குறியிடுங்கள். பட்டியலை மட்டும் பார்த்ததால் உங்கள் கம்ப்யூட்டரில் எதுவும் ஓடவில்லை, பாஸ்வேர்ட் மாற்றவும் தேவையில்லை.