நிறம் மாறாத தேதிதான் நம்மைக் கவிழ்க்கும்

கேள்வி: எக்ஸெலில் லைசென்ஸ், வாரண்டி முடியும் தேதி அடுத்த 30 நாளுக்குள் வந்தால் மஞ்சளாக மாற Conditional Formatting-இல் ஃபார்முலா போட்டிருக்கிறேன். சில வரிகள் மட்டும் மாறவே இல்லை. ஏன்?

நீங்கள் போட்டிருப்பது அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்:

```
=AND($C2>=TODAY(),$C2<=TODAY()+30)
```

ஃபார்முலாவில் தவறில்லை. மாறாத வரிகளில் இருப்பது தேதியே இல்லாமல் இருக்கலாம், பார்க்கத்தான் தேதி மாதிரி இருக்கும். எக்ஸெலுக்குத் தேதி என்பது ஓர் எண். அது எழுத்தாக உட்கார்ந்துவிட்டால், எந்த எண்ணையும் விடப் பெரியது என்றே ஒப்பிடும். அதனால் "இன்று + 30"-க்குள் அது ஒருநாளும் வராது. பிழை என்றும் காட்டாது, சும்மா வெள்ளையாகவே கிடக்கும்.

இது எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். கொடைக்கானலில் ஒரு சின்ன லாட்ஜில் கணக்கு பார்க்கிறேன். எங்கள் ஷீட்டில் நாற்பது வரி இருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரி இரண்டுக்கும் வாரண்டி 17/09/2023-இல் முடிந்தது. அந்த ஆகஸ்டிலேயே நாலு மணி நேரம் தாங்கிய பேட்டரி ஒன்றரை மணி நேரத்தில் இறங்க ஆரம்பித்தது. "வாரண்டி இருக்கும்போதே மாத்திடுங்க சார்" என்றார் எலக்ட்ரீஷியன். ஆகஸ்ட் 28-ஆம் தேதி ஷீட்டைத் திறந்து பார்த்தேன். மஞ்சள் இல்லை. நாள் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். காந்தி ஜெயந்தியை ஒட்டிய லீவில் எல்லா ரூமும் நிறைந்திருந்த ராத்திரி கரண்ட் போனது. இருபது நிமிஷத்தில் பேட்டரி படுத்துவிட்டது. மறுநாள் கடைக்குப் போன் செய்தால், வாரண்டி முடிந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது என்றார்கள்.

ஷீட்டில் டைப் செய்த தம்பி மேல்தான் எல்லோரும் பாய்ந்தார்கள். அவன் பில்லில் இருந்ததை இருந்தபடியே அடித்திருந்தான். லேப்டாப்பை ஃபார்மட் செய்து கொடுத்தவர் விண்டோஸின் Region அமைப்பை English (United States) என்று விட்டுப் போயிருந்தார். அதில் மாதம்தான் முதலில் வரும். 17-ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால் 17/09/2023 எழுத்தாகிவிட்டது. இதைவிட மோசம் தீயணைப்பான் ரீஃபில் வரி. 05/10/2023 என்று அடித்ததை மே 10 என்று எடுத்துக்கொண்டது. கட்டத்தில் 5/10/2023 என்றுதான் தெரிந்தது, யாருக்குச் சந்தேகம் வரும்?

கண்டுபிடிக்க ஒரு வழி: தேதி உள்ள பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து, Format Cells-இல் Custom போய் dd-mmm-yyyy கொடுங்கள். எழுத்தாக இருப்பவை அசையாமல் அப்படியே நிற்கும். மாறிப்போனவை 10-May-2023 என்று தங்களைக் காட்டிக்கொடுக்கும். Region-ஐ English (India) என்று மாற்றினாலும் பழைய கட்டங்கள் தானாகத் திருந்தாது. நாங்கள் பில் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு நாற்பது வரியையும் 17-Sep-2023 என்று மாதத்தை எழுத்தில் மறுபடி அடித்தோம். அப்படி அடித்தால் நாளும் மாதமும் இடம் மாறாது. கூடவே இரண்டு விதி சேர்த்தேன். முதலாவது, தேதி எழுத்தாக இருந்தால் நீலம். இரண்டாவது, காலாவதியாகியிருந்தால் சிவப்பு:

```
=ISTEXT($C2)
=AND($C2<>"",$C2<TODAY())
```

விதி போடும்போது 2-ஆம் வரியிலிருந்து தேர்ந்தெடுங்கள். 1-இலிருந்து எடுத்தால் நிறம் ஒரு வரி மேலே தள்ளி விழும்.

இதற்கெல்லாம் ஆப் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். இருக்கட்டும். அதிலும் தேதியை யாரோ ஒருவர் அடிக்கத்தானே வேண்டும்?

30 நாள் எல்லாவற்றுக்கும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போதிருந்த விதிப்படி எங்கள் சமையலறையின் உணவு லைசென்ஸைப் புதுப்பிக்க, முடியும் தேதிக்கு 30 நாள் முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். பிந்தினால் நாளுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம். மஞ்சள் விழும் நாளே கெடுவின் கடைசி நாளாக இருக்கும். அதனால் D பத்தியில் ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் முன்பு தெரிய வேண்டும் என்று எழுதி, 30-க்குப் பதில் $D2 வைத்தேன். உணவு லைசென்ஸுக்கு 90. பேட்டரிக்கு 60, ஏனென்றால் சர்வீஸ் ஆள் வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வர வேண்டும். "மேலே வர ஆள் இல்லை, நாலு கம்ப்ளெயின்ட் சேரட்டும்" என்று வாரக்கணக்கில் இழுப்பார்கள். கீழே இருப்பவர்கள் கொடுக்கும் அதே விலைதானே நாங்களும் கொடுக்கிறோம்? வாரண்டி அட்டையில் மலைக்கு ஒரு நியாயம், சமவெளிக்கு ஒரு நியாயம் என்று எங்கே போட்டிருக்கிறது? கேட்டால் பதில் வராது.

பேட்டரி இரண்டும் கைக்காசு போட்டுத்தான் வாங்கினோம். தம்பி சம்பளத்தில் பிடிக்க முதலாளி நினைத்தார். அந்த 10-May-2023 கட்டத்தைத் திறந்து காட்டிய பிறகுதான் விட்டார்.