மயிலைப் பார்த்தால் திரும்பாத நாய்

“பல்லடம் பக்கம் தோட்டம். ஒன்றரை வயது சிப்பிப்பாறை. வீட்டுக்குள் கூப்பிட்டால் வருகிறான், மயிலைப் பார்த்தால் காதே கேட்காத மாதிரி ஓடுகிறான். என்ன செய்வதுங்க?”

பெயரைச் சொல்லிக் கத்துவதை விட்டுவிடுங்க. அது அவனுக்குப் பழகிப்போன சத்தம். புதிதாக ஒரு விசில் ஒலி வையுங்கள். முதலில் வாசலில், அவன் சும்மா நிற்கும்போது ஊதி, உடனே உப்பு போடாமல் வேகவைத்த கோழி ஈரலை நகத்தளவாக நறுக்கி ஐந்தாறு துண்டு ஒவ்வொன்றாகக் கொடுங்கள். அந்த ஈரல் வேறு எதற்கும் கிடைக்கக் கூடாது.

விசிலுக்குச் சட்டென்று தலை திரும்ப ஆரம்பித்த பிறகு தோட்டம். பத்து மீட்டர் பட்டைக் கயிறு, நுனியில் முடிச்சோ வளையமோ வேண்டாம். சொட்டுநீர்க் குழாயில் மாட்டிக்கொள்ளும். கழுத்துப்பட்டையில் கட்டாதீர்கள். சிப்பிப்பாறை எடுக்கும் வேகத்துக்குக் கழுத்து அடிபடும், நெஞ்சுப்பட்டையின் முதுகு வளையத்தில் மாட்டுங்கள். கையில் சுற்றிக்கொள்ளவும் வேண்டாம்.

மயில் தூரத்தில் இருக்கும்போதே, அவன் காதை நிமிர்த்தும் அந்த நொடியில் ஒரே தடவை ஊதுங்கள். வராவிட்டால் திரும்ப ஊதாமல், கயிற்றைப் பிடித்து அவன் மேற்கொண்டு போகாமல் நிறுத்துங்கள். இழுத்து வர வேண்டாம், நீங்கள் பின்னால் நகர்ந்தால் அவனே வருவான். அடுத்த முறை இன்னும் தள்ளி நின்று ஆரம்பியுங்கள். வந்தால் ஈரல் கொடுத்து, திரும்பவும் மோப்பம் பிடிக்க விட்டுவிடுங்கள். வந்ததும் கட்டிப்போட்டால் வரவே மாட்டான்.

துரத்தல் தொடங்கிவிட்டால் இந்த இனத்தில் விசில் பெரும்பாலும் வேலை செய்யாதுங்க. மயில் நடமாடும் பக்கம் கயிறு இருக்கட்டும்.