ப்ராடக்ட் மேனேஜர் சான்றிதழ் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் தக்கலையைச் சேர்ந்தவன். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாக டெஸ்டராக வேலை பார்க்கிறேன். ப்ராடக்ட் மேனேஜராக மாற வேண்டும் என்று விரும்புகிறேன். ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டி ஒரு சான்றிதழ்ப் படிப்பில் சேரலாமா என்ற யோசனையில் இருக்கிறேன். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் அதை மதிக்கிறார்களா? நானாக எதையும் உருவாக்கி வெளியிட்டதில்லை என்பது பெரிய குறையாகுமா?

ஒரு வாசகர், தக்கலை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் விண்ணப்பத்தை இரண்டு பேர் படிக்கிறார்கள். முதலில் படிக்கும் மனிதவளத் துறையினர் விளம்பரத்தில் உள்ள சொற்கள் விண்ணப்பத்திலும் இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். அங்கே சான்றிதழ் சிறிது உதவும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஆட்களின் விவரக்குறிப்பை அனுப்பும் சேவை நிறுவனங்களில், வாடிக்கையாளரே சான்றிதழ் கேட்டிருந்தால், அது நன்றாகவே உதவும். இரண்டாவதாகப் படிப்பவர், நாளை உங்களோடு சேர்ந்து வேலை செய்யப்போகிறவர். பெங்களூரிலும் திருவனந்தபுரத்திலும் பல ஆண்டுகள் அந்த இடத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சான்றிதழ் இருக்கும் வரியை நான் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். அதற்காக யாரையும் அழைத்ததும் இல்லை, ஒதுக்கியதும் இல்லை.

இதற்குக் காரணம் அந்தச் சான்றிதழ்கள் எதை உறுதிசெய்கின்றன என்பதில் இருக்கிறது. பரவலாக அறியப்பட்ட சர்டிஃபைட் ஸ்க்ரம் ப்ராடக்ட் ஓனர் என்னும் சி.எஸ்.பி.ஓ. சான்றிதழுக்குத் தேர்வே கிடையாது. அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளரின் வகுப்பை முடித்தால் கிடைத்துவிடும், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். ப்ரொஃபஷனல் ஸ்க்ரம் ப்ராடக்ட் ஓனர் என்னும் பி.எஸ்.பி.ஓ. சான்றிதழின் முதல் நிலைக்கு 60 நிமிடங்களில் 80 கேள்விகள், தேர்ச்சிக்கு 85 சதவீதம். வகுப்புக்குப் போகாமல், ஸ்க்ரம் கையேட்டைக் கவனமாகப் படித்தே இதை எழுதலாம், உங்கள் ஒன்றரை லட்சத்தோடு ஒப்பிட்டால் செலவும் மிகக் குறைவு. இரண்டுமே, மென்பொருளைச் சிறு சிறு கட்டங்களாக உருவாக்கும் ஸ்க்ரம் முறையில் ப்ராடக்ட் ஓனர் என்பவரின் பொறுப்புகளையும், செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலான பேக்லாக்கை வரிசைப்படுத்தும் முறையையும் பற்றியவை. ஆனால் என்ன செய்யலாம் என்று யாரும் சொல்லாத நிலையில், நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தீர்கள், அது சரியா தவறா என்று எப்படிக் கண்டுகொண்டீர்கள் என்பதை அறியத்தான் நேர்காணலில் உங்கள் எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

நான் வேலைக்கு எடுத்த ஓர் இளைஞரைப் பற்றிச் சொன்னால் இது தெளிவாகும். அவரிடம் எந்தச் சான்றிதழும் இல்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் வாங்கும் ஒரு கடைக்கு, எடையையும் தரத்தையும் கொடுக்க வேண்டிய தொகையையும் பதிந்துகொள்ளும் ஒரு சிறிய செயலியைச் செய்து கொடுத்திருந்தார். எடையை அன்றைய விலையால் பெருக்கித் தொகை காட்டுவதுதான் முதல் வடிவம். கடைக்காரர் இரண்டு வாரம் பயன்படுத்தினார், பிறகு பாதி வரவுகளைப் பழையபடி நோட்டிலேயே எழுதத் தொடங்கினார். கேட்டபோது, “நல்லாத்தான் இருக்கு” என்று மட்டும் சொன்னார்.

இந்த இளைஞர் மேற்கொண்டு கேள்வி கேட்காமல், ஒரு நாள் காலை முழுவதும் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ஷீட் கொண்டுவருகிறவர்களில் பலர் அன்றைக்கே விலை முடிப்பதில்லை. சரக்கைக் கடையில் போட்டுவிட்டு, செலவுக்குக் கொஞ்சம் முன்பணம் வாங்கிக்கொண்டு, விலை ஏறும்போது முடித்துக்கொள்ளலாம் என்று போய்விடுகிறார்கள். அந்த வரவுக்கு எடை உண்டு, தொகை இல்லை. தொகை இல்லாத பதிவைச் செயலி ஏற்காததால்தான் அவை நோட்டுக்குப் போயின. அடுத்த வடிவத்தில், விலை முடியாத சரக்கு என்று ஒரு வகையைச் சேர்த்து, முன்பணத்தைத் தனியே காட்டினார்.

திருத்தம் பலித்ததா என்பதை அவர் அறிந்துகொண்ட விதம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. திருத்தம் வந்தது அக்டோபரில், நவம்பரில் பதிவுகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்துவிட்டது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் திருத்தம் தோற்றுவிட்டது என்றே முடிவுக்கு வரவேண்டும். ஆனால் வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாட்களில் நம் மாவட்டத்தில் ரப்பர் மரங்களில் பால்வெட்டு பல நாள் நின்றுபோகிறது, கடைக்கு ஷீட்டே வருவதில்லை. ஆகவே அவர் செயலியின் பதிவுகளை மட்டும் எண்ணாமல், அதே நாளில் நோட்டில் உள்ள வரவுகளையும் எண்ணி, மொத்தத்தில் எத்தனை செயலிக்கு வந்தன என்று கணக்கிட்டார். திருத்தத்துக்கு முன் 20 வரவுகளில் 11 செயலிக்கு வந்திருந்தன, திருத்தத்துக்குப் பின் 18. எதை எதனால் வகுக்க வேண்டும் என்ற இந்தத் தெளிவு எந்தப் பாடத்திட்டத்திலும் தலைப்பாக இருக்கலாம். ஆனால் மழையையும் நோட்டையும் நேரில் பார்த்தவருக்கே அது தானாகத் தோன்றுகிறது.

செய்யாமல் விட்டது எது என்றும் கேட்டேன். ரப்பர் வாரியம் வெளியிடும் கோட்டயம் விலை செயலியில் தானாகவே வர வேண்டும் என்று கடைக்காரர் விரும்பினாராம். அந்த விலைக்கும் கடையில் கொடுக்கும் விலைக்கும் வித்தியாசம் இருப்பதால், திரையில் ஒன்றைக் காட்டிக் கையில் இன்னொன்றைக் கொடுக்கும் நிலை வந்து தினமும் வாக்குவாதம் நடக்கும் என்று எடுத்துச் சொல்லி, அதைச் சேர்க்காமல் விட்டிருக்கிறார். கேட்டதையெல்லாம் செய்து கொடுக்காமல், காரணத்தோடு மறுத்த இடம் அது.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். பத்துப் பொறியாளர்கள், விற்பனைப் பிரிவு, சட்டப் பிரிவு என்று பலரை இணங்கவைக்கும் திறன் இப்படி ஒரு செயலியால் நிரூபணமாகாது. ஆகவே அவருக்குத் தொடக்கநிலைப் பதவியைத்தான் கொடுத்தேன். ஒருவரும் பயன்படுத்தாத செயலியை ப்ளே ஸ்டோரில் ஏற்றிவைப்பது வெளியீடு ஆகாது, அதன் மதிப்பு சான்றிதழின் மதிப்புக்குச் சமம். பெரிய நிறுவனத்தின் புகழ்பெற்ற வெளியீட்டில் பங்குபெற்றவர்களும் சில நேரம் இதே இடத்தில் தடுமாறுகிறார்கள். பத்து நிமிடம் “நாங்கள் செய்தோம்” என்று பேசியவரிடம், அதில் உங்கள் முடிவு எது என்று கேட்டால் பதில் வராது.

உங்கள் நிலைக்கு வருகிறேன். ஆறு ஆண்டு டெஸ்டர் வேலையில், வெளியீட்டுக்கு முந்தைய நாள் எந்தப் பிழையோடு போகலாம், எதற்காக நிறுத்த வேண்டும் என்ற விவாதங்களில் நீங்கள் இருந்திருப்பீர்கள். அவற்றில் உங்கள் சொல்லால் முடிவு மாறிய ஒன்றை எடுத்து, பயனருக்கு என்ன நேர்ந்தது என்பதுவரை எழுதிப் பாருங்கள். பிறகு உங்கள் மேலாளரிடம் பேசி, ஒரு சிறிய வசதியின் பொறுப்பை, தேவையைக் கேட்டறிவதிலிருந்து வெளியீட்டுக்குப் பிந்தைய கணக்கு வரை, உங்களிடம் தரச் சொல்லிக் கேளுங்கள். வெளியே புதிய பதவி தேடுவதைவிட, இருக்கும் நிறுவனத்துக்குள்ளேயே இப்படி நகர்வது எளிது.

ஒன்றரை லட்சத்தை இப்போது கட்ட வேண்டாம். உங்கள் நிறுவனமே பணம் தருமானால், அல்லது நீங்கள் விண்ணப்பிக்கும் பதவி வெளிப்படையாகக் கேட்டால், பி.எஸ்.பி.ஓ. எழுதிக்கொள்ளுங்கள். அதை விண்ணப்பத்தின் கடைசியில் ஒரு வரியாகப் போடுங்கள். முதல் வரியில், யாருக்கு என்ன சிக்கல் இருந்தது, நீங்கள் எதை மாற்றினீர்கள், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எத்தனை என்பது இருக்கட்டும்.